அந்த ஒற்றைக் குச்சி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 4, 7, 10, 13 என்று கரும்பலகையில் எழுதி, n-வது உறுப்பு என்ன என்று கேட்டால் வகுப்பில் பல குரல்கள் ஒன்றாக n + 3 என்று சொல்லும். நான் சென்னிமலையில் கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க இந்த விடையைக் கேட்டிருக்கிறேன். மற்ற ஊர்களில் வேலை பார்க்கும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்தும் இந்த விடை வரும்.

அவர்கள் கண்ணில் பட்டது சரியானதுதான். ஒவ்வொரு தடவையும் மூன்று கூடுகிறது. அதைச் சொல்லத்தான் வாய் திறக்கிறார்கள். ஆனால் மூன்று கூடுவது முந்தைய எண்ணோடு. n என்பதோ முந்தைய எண் இல்லை, அது வரிசையில் நிற்கும் இடம். இந்த இரண்டும் பிள்ளையின் மனசில் இன்னும் பிரியவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. n-க்கு 1 போட்டால் 1 + 3 = 4 என்று முதல் உறுப்பு சரியாகவே வந்துவிடும். அந்த ஒரு தற்செயலில் பிள்ளை திருப்தியாகிவிடுகிறது. 2 போட்டால் 5 வரும், வேண்டியது 7. அதனால் ஒரு விதியைச் சரிபார்க்க முதல் உறுப்பு போதாது, மூன்றாவதையும் நான்காவதையும் போட்டுப் பார்க்கவேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுவேன்.

பாடநூலில் இது இரண்டாம் அத்தியாயம், ‘எண்களும் தொடர்வரிசைகளும்’. கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு tₙ = a + (n − 1)d என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, a = 4, d = 3 என்று போட்டு, 3n + 1 என்று கொண்டுவந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் கூப்பிட்டு, “அதென்ன கண்ணு n கழித்தல் ஒண்ணு? ஏன் n இல்லே?” என்று கேட்டால் பதில் வராது. ஒரு மாதம் கழித்து அதே பிள்ளை a + nd என்று எழுதும். காரணம் தெரியாமல் மனதில் வைத்த சூத்திரம் அப்படித்தான் தேய்ந்துபோகும்.

தீக்குச்சியை நான் கையில் எடுத்தது அந்த ‘கழித்தல் ஒன்று’க்காக. ஆறாம் வகுப்பிலேயே தீக்குச்சி வடிவங்கள் வந்துவிடும்; இயற்கணிதத்தை அறிமுகப்படுத்தும் பாடம் அங்கே அதிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் பெரிய வகுப்புக்கு அது சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறாம் வகுப்பில் அது எண்ணுவதற்கு. பத்தில், பதினொன்றில் அதே குச்சியை ஒரு விதிக்குக் காரணம் சொல்லவும், விதியை நிரூபிக்கவும் பயன்படுத்தலாம்.

ஏற்பாடு பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மருந்து வைக்காத வெறும் குச்சி கிடைத்தால் அதுதான் நல்லது. கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் கட்டாகக் கிடைக்கும். கடையில் வாங்கிய தீப்பெட்டிதான் இருக்கிறது என்றால் குச்சிகளை நானே கொட்டிக்கொடுத்துவிட்டு, உரசும் பக்கம் உள்ள பெட்டிகளை எண்ணி என் மேசைக்குள் வைத்துவிடுவேன். நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஐம்பது அறுபது குச்சி. வழவழப்பான பெஞ்சின் மேல் குச்சி உருளும். மின்விசிறிக் காற்றிலும் நகரும். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் சன்னலைத் திறந்தால் போதும், போட்ட வடிவமெல்லாம் கலைந்துவிடும். அதனால் தரையில் ஒரு போர்வையை விரித்துவிடுவேன். சென்னிமலையில் போர்வைக்கா பஞ்சம். முரட்டு நூல் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கட்டம் போட்ட போர்வை ஆகாது. பிள்ளைகள் குச்சியை விட்டுவிட்டுப் போர்வையின் கட்டத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே நிறத்துப் போர்வைதான் சரி.

முதல் வடிவம் சதுர வரிசை. நான்கு குச்சியில் ஒரு சதுரம். அதன் வலப்பக்கக் குச்சியைப் பங்கு போட்டுக்கொண்டு இன்னொரு சதுரம், அதை ஒட்டி இன்னொன்று. ஒரு சதுரத்துக்கு 4, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. நான்காவதை வைக்கச் சொல்வேன், 13. இதுவரை எல்லோரும் கையால் வைத்து எண்ணலாம். அடுத்து, பத்து சதுரத்துக்கு எத்தனை என்று கேட்பேன். சிலர் வைத்துப் பார்ப்பார்கள், சிலர் விரல்விட்டு மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய் 31 என்பார்கள். இரண்டையும் தடுக்கமாட்டேன். ஏனென்றால் அடுத்த கேள்வி அந்த இரண்டு வழியையும் அடைத்துவிடும்.

எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு 1320 படி. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அந்த எண் தெரியும். “படிக்கு ஒரு சதுரம்னு 1320 சதுரம் வெக்கோணும். எத்தனை குச்சி வேணும்?” குச்சியும் பத்தாது, விரலும் பத்தாது. இப்போதுதான் பிள்ளை வடிவத்தைத் திரும்பிப் பார்க்கும்.

இந்த இடத்தில் இரண்டு விதிகள் வைத்திருந்தேன். ஒன்று, விடையைச் சொல்லக்கூடாது, எப்படி எண்ணினாய் என்று சொல்லவேண்டும். இரண்டாவது, பெருக்கிக் கூட்டிச் சுருக்கக்கூடாது. 3961 என்று எழுதினால் நான் பார்க்கமாட்டேன். 1 + 3 × 1320 என்று அப்படியே நிற்கவேண்டும். கணக்கில் விடையைச் சுருக்கு, சுருக்கு என்று எட்டு வருஷம் பழகிய பிள்ளைக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் சுருக்கின மாத்திரத்தில் 3961 என்ற எண் தன் பிறப்பை மறந்துவிடுகிறது. அதில் மூன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது, 1320-ம் தெரியாது. சுருக்காமல் விட்டால் 1 + 3 × 10, 1 + 3 × 100, 1 + 3 × 1320 என்று ஒன்றன்கீழ் ஒன்று எழுதலாம். மூன்று வரியிலும் மாறுவது ஓர் இடம்தான். அந்த இடத்தில் n எழுது என்று நான் சொல்லவேண்டியதில்லை, அவர்களே எழுதிவிடுகிறார்கள். ‘n-ஐ ஒரு எண்ணாக எடுத்துக்கொள்’ என்று பல வகுப்புகளில் சொல்லியும் ஏறாத விஷயம் இந்த மூன்று வரியில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்படி எண்ணினாய் என்று கேட்கும்போது ஒரே விதமான பதில் வராது. பாடத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் வருவது, “முதல் சதுரத்துக்கு நாலுங்க சார், அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மூணுங்க” என்பது. முதல் சதுரத்தைத் தனியாக வைத்துவிட்டதால் மீதி இருப்பது n − 1 சதுரம். ஆகவே 4 + 3(n − 1). சூத்திரத்தில் இருக்கிற அந்த ‘கழித்தல் ஒன்று’ இதுதான்: கடைசி சதுரம்வரை வர மூன்று மூன்றாகச் சேர்த்த தடவைகள், சதுரங்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. பிள்ளையின் விரல் முதல் சதுரத்தை மூடிக்கொண்டு மீதியைக் காட்டும்போது a + (n − 1)d முழுவதும் அந்தப் போர்வையின் மேலேயே இருக்கிறது. இதைப் பார்த்த பிள்ளை அப்புறம் a + nd என்று எழுதினாலும், குச்சியை வைத்துப் பார் என்றால் தானே திருத்திக்கொள்ளும்.

அடுத்த பிள்ளை, “இல்லீங்க சார், முதல்ல ஒரு குச்சிய நட்டமா வெச்சுக்கறனுங்க. அப்புறம் மூணு மூணா வெச்சா ஒவ்வொரு சதுரமும் ஆயிருதுங்க” என்பான். அவனுக்கு முதல் சதுரமும் மற்ற சதுரங்களும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் மூன்று. மிச்சம் இருப்பது இடதுகோடியில் உள்ள அந்த ஒற்றைக் குச்சி. ஆகவே 1 + 3n. இன்னொருத்தி படுக்கைக் குச்சிகளைத் தனியாகவும் நிற்கிற குச்சிகளைத் தனியாகவும் எண்ணுவாள். மேலே n, கீழே n, நிற்பவை n + 1. ஆகவே 2n + (n + 1). நான்காவது வழி கொஞ்சம் அரிதாக வரும்: எல்லாச் சதுரத்துக்கும் நான்கு நான்கு என்று 4n எண்ணிவிட்டு, நடுவே இரண்டு தடவை எண்ணப்பட்ட குச்சிகளைக் கழிப்பது. n சதுரத்துக்கு நடுவே n − 1 பொதுக் குச்சி. 4n − (n − 1).

நான்கையும் பலகையில் எழுதுவேன். எது சரி என்று வகுப்பு சண்டை போடும். இப்போது சுருக்கலாம் என்று அனுமதி கொடுப்பேன். எல்லாம் 3n + 1 என்று வந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்பு வரை அடைப்புக்குறியை நீக்கிச் சுருக்கிய பிள்ளைக்கு, அதை எதற்காகச் செய்கிறோம் என்பது இங்கேதான் தெரிகிறது. நான்கு பேர் நான்கு விதமாகப் பார்த்தது ஒரே குச்சிக் கூட்டத்தை என்று இயற்கணிதம் உறுதி சொல்கிறது.

இந்த வரிசையில் இன்னொரு தவறும் வரும். அது n + 3-ஐவிட ஆழமானது. பத்து சதுரத்துக்கு 31, அப்படியானால் இருபதுக்கு 62. நேர்விகிதம் நெஞ்சில் ஊறிப்போன பிள்ளைக்கு இது இயல்பாக வருகிறது. நான் தவறு என்று சொல்வதில்லை. இரண்டு குழுவைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பத்து சதுரம் வைக்கச் சொல்லி, இரண்டு வரிசையையும் பக்கத்தில் நகர்த்தி ஒட்டச் சொல்வேன். ஒட்டுகிற இடத்தில் இரண்டு குச்சி ஒன்றன்மேல் ஒன்று வந்து கிடக்கும். ஒன்றை எடுத்துவிடவேண்டும். 61. எடுத்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை பலகையைப் பார்க்கும். 3n + 1-ல் 3n பகுதி இரட்டிக்கிறது. அந்த 1 இரட்டிக்காது, ஏனென்றால் எவ்வளவு நீண்ட வரிசைக்கும் இடதுகோடி ஒன்றுதான்.

அட்டவணை பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். n ஒரு வரி, குச்சி ஒரு வரி என்று அட்டவணை போட்டு, வித்தியாசம் கண்டுபிடித்து, விதி எழுதுவதுதான் பல வகுப்புகளில் முதல் வேலை. நான் அதை எப்போதும் பின்னால் தள்ளிவிடுவேன். அட்டவணை போட்டதும் பிள்ளை குச்சியைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. எண்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்று கூடுகிறது என்பது அட்டவணையில் தெரியும், எந்த மூன்று குச்சி என்பது தெரியாது. அட்டவணை விடையைச் சரிபார்ப்பதற்கு நல்ல கருவி.

விதி கிடைத்ததும் அதைத் தலைகீழாகக் கேட்கவேண்டும். 100 குச்சி தருகிறேன், எத்தனை சதுரம்? 3n + 1 = 100; n = 33; ஒரு குச்சியும் மிஞ்சாது. 50 குச்சியானால் 3n = 49. மூன்றால் வகுபடாது. சிலர் 16.33 சதுரம் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். குச்சியை வைத்துப் பார் என்றால் 16 சதுரம் முடிந்து ஒரு குச்சி கையில் நிற்கும். தேர்வில் ‘இந்த எண் தொடர்வரிசையின் உறுப்பா’ என்று கேட்பது இதையேதான். n முழு எண்ணாக வந்தால் உறுப்பு, இல்லாவிட்டால் இல்லை. வரிசையில் பாதி இடம் என்று ஒன்று கிடையாது.

இதோடு கூட்டுத் தொடர்வரிசை முடிந்தது. முக்கோண வரிசைக்கு 2n + 1, அறுகோண வரிசைக்கு 5n + 1 என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். k பக்கம் உள்ள உருவத்தின் வரிசைக்கு (k − 1)n + 1 என்று ஓரிருவர் சொல்லிவிடுவார்கள். ஆனால் பெரிய வகுப்புக்கு நான் கொண்டுபோக விரும்பிய இடம் வேறு: வித்தியாசம் மாறிக்கொண்டே போகும் வடிவம்.

நீளத்துக்கு மட்டும் வைக்காமல் நாற்புறமும் விரித்து, n-க்கு n சதுரக் கட்டமாக வைக்கச் சொல்வேன். ஒன்றுக்கு ஒன்று 4 குச்சி. இரண்டுக்கு இரண்டு 12. மூன்றுக்கு மூன்று 24. நான்குக்கு நான்கு 40. முந்தின நாள் சூத்திரம் சூடாக இருக்கும். a = 4, d = 8, ஆகவே 8n − 4 என்று ஒரு குழு உடனே எழுதும். n = 1, சரி. n = 2, சரி. n = 3 என்றால் 20 வருகிறது; போர்வையில் 24 கிடக்கிறது. வித்தியாசங்களை எழுதினால் 8, 12, 16. இது கூட்டுத் தொடர்வரிசையே இல்லை. இரண்டு உறுப்பை மட்டும் பார்த்து d எடுக்கும் பழக்கத்தை இந்த வடிவம் வெட்டிவிடும்.

இதை எப்படி எண்ணுவது? பெரும்பாலான குழுக்கள் சுற்றுக் குச்சி, உள் குச்சி என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதிலும் வழி உண்டு. ஒவ்வொரு சிறு சதுரத்துக்கும் நான்கு என்று 4n² எண்ணினால், உள்ளே இருக்கும் குச்சி ஒவ்வொன்றும் இரண்டு தடவை வந்திருக்கும். வெளிச்சுற்றில் உள்ள 4n குச்சி மட்டும் ஒரு தடவை. வெளிச்சுற்றை இன்னொரு தடவை கூட்டிக்கொண்டால் எல்லாமே இரண்டு தடவை. ஆகவே (4n² + 4n) ÷ 2. அழகான வழி, ஆனால் பாதிப் பேருக்குத்தான் புரியும்.

ஒரு வருஷம் கைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொன்ன வழியை அதற்கப்புறம் எல்லா வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் சதுரத்தை எண்ணிக்கொண்டிருக்க, அவள் சதுரத்தைப் பார்க்கவே இல்லை.

“ஏனுங்க சார், இது பாவும் ஊடையுந்தானுங்களே. பாவுக் குச்சி எத்தன, ஊடைக் குச்சி எத்தனன்னு எண்ணுனா முடிஞ்சுதுங்க.”

“எண்ணிச் சொல்லு சாமி.”

“மூணுக்கு மூணுல ஊடை நாலு வரிங்க. ஒரு வரிக்கு மூணு குச்சி. நாமூணு பன்னண்டு. பாவும் அதே மாதிரி நாலு வரி, பன்னண்டு. இருவத்தி நாலுங்க சார்.”

n கட்டத்துக்குக் கோடு n + 1. ஒரு கோட்டில் n குச்சி. ஊடையில் n(n + 1), பாவில் n(n + 1). மொத்தம் 2n(n + 1). தறியில் துணி நெய்வதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கட்டம் என்பது நூல்கள் குறுக்கே போவதால் தானாக உண்டாவது, எண்ணவேண்டியது நூலைத்தான். முந்தின நாள் படுக்கை, நிற்பவை என்று பிரித்து 2n + (n + 1) எழுதினவளின் வழியும் இதுதான், அங்கே ஊடை இரண்டே வரி. அதனால் m-க்கு n செவ்வகம் என்று கேட்டாலும் இந்த வழி தடுமாறாது: m(n + 1) + n(m + 1). m-க்கு 1 போட்டால் 3n + 1 திரும்ப வந்துவிடும். வகுப்பில் இதைப் போட்டுப் பார்த்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதே கட்டத்தை வளர்த்தும் பார்க்கலாம். வித்தியாசம் ஏன் 8, 12, 16 என்பது அதில் தெரியும். இரண்டுக்கு இரண்டை மூன்றுக்கு மூன்றாக ஆக்க எத்தனை குச்சி புதிதாக வைக்கவேண்டும்? ஏற்கெனவே இருக்கும் மூன்று ஊடை வரியும் ஒவ்வொரு குச்சி நீளும்: 3. புதிதாக ஒரு வரி வரும், அதற்கு 3. ஆக ஊடைக்கு 6, பாவுக்கும் 6, மொத்தம் 12. அதாவது 4 × 3. நான்குக்கு நான்காக ஆக்க 4 × 4 = 16. முதல் சதுரமே 4 × 1. ஆக, மொத்தக் குச்சி 4(1 + 2 + 3 + … + n). இந்தக் கூட்டுத்தொகை அதே அத்தியாயத்தின் கடைசியில் n(n + 1)/2 என்று இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 2n(n + 1). பாடநூலின் சூத்திரமும் பாவும் ஊடையும் எண்ணின வழியும் ஒரே போர்வையில் வந்து சேர்ந்துவிட்டன.

1 + 2 + … + n ஏன் n(n + 1)/2 என்று கேட்கிற பிள்ளைக்கு நான் ஒரு பழைய வழியைக் காட்டுவேன். கேரளத்துக் கணித மரபைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி 1444-ல் பிறந்தவர். ஆரியபடர் 499-ல் எழுதிய ஆரியபடீயத்துக்கு அவர் எழுதிய பாஷ்யத்தில், தொடரின் உறுப்புகளைப் பட்டைகளாக வைத்துப் படிபோல் அடுக்கி, அதே போல் இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிச் செவ்வகமாக்கிக் கூட்டுத்தொகையை நிறுவுகிறார். நாங்கள் குச்சியையே பக்கம்பக்கமாக அடுக்கிச் செய்தோம்: ஒரு வரியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, இன்னொரு குழுவின் அடுக்கைத் திருப்பி ஒட்டினால் n வரி, வரிக்கு n + 1 குச்சி. அதில் பாதி ஒரு குழுவுடையது. விதிக்குப் படத்திலிருந்து காரணம் சொல்வது விளையாட்டுக் கணக்கு இல்லை, நம் பக்கத்துப் பெரியவர்கள் நிரூபணமாகவே வைத்துக்கொண்ட முறை என்பதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் வித்தியாசம் பற்றியும் அப்போது சொல்வேன். 8, 12, 16-க்கு இடையே 4, 4. இரண்டாம் வித்தியாசம் மாறாமல் நின்றால் விதியில் n² உண்டு, அதன் கெழு அந்த வித்தியாசத்தில் பாதி. இங்கே 2n². மீதியைக் கண்டுபிடிக்க ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 2n²-ஐக் கழித்தால் 2, 4, 6, 8, அதாவது 2n. ஆக 2n² + 2n. போட்டித் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு இது விரைவான வழி. ஆனால் இந்த வழி நான்கு எண்ணைப் பார்த்து ஐந்தாவதை ஊகிக்கிறது. ஐந்தாவது அப்படித்தான் வரும் என்பதற்கு அதனிடம் காரணம் இல்லை. பாவும் ஊடையும் எண்ணினவளிடம் இருக்கிறது.

அந்த வேறுபாட்டைக் காட்ட, குச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வட்டம் வரைவேன். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைக்கவேண்டும்; மூன்று கோடு ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வட்டத்துக்குள் எத்தனை துண்டு? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவதுக்கு 32 என்று வகுப்பே கத்தும். வரைந்து எண்ணினால் 31. திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். புள்ளிகளைச் சமதூரத்தில் வைத்தவர்களுக்கு மூன்று கோடு நடுவில் சேர்ந்து 30 வரும், அதைத் தனியாகத் திருத்தவேண்டியிருக்கும். 32 வரவே வராது. ஐந்து உறுப்பு ஒத்துப்போனதால் மட்டும் ஒரு விதி உண்மையாகிவிடாது.

முக்கோணக் கட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பக்கத்துக்கு n குச்சி வருமாறு பெரிய முக்கோணம், உள்ளே முழுக்கச் சிறு முக்கோணங்கள்: 3, 9, 18, 30. சிறு முக்கோணங்கள் மொத்தம் n² இருப்பதால் 3n²-ல் ஆரம்பித்துக் கழிக்கப்போய்ச் சிக்கிக்கொள்வார்கள். மேல்நோக்கி நிற்கும் முக்கோணங்களை மட்டும் எண்ணு என்று ஒரு குறிப்பு போதும். அவை ஒன்றோடொன்று குச்சியைப் பங்கிடுவதே இல்லை, மூலையில் மட்டும் தொடும். தலைகீழ் முக்கோணங்களுக்கு என்று தனிக் குச்சியும் இல்லை. ஆகவே 3(1 + 2 + … + n).

சதுர வரிசையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 3n + 1-ல் உள்ள அந்த ஒற்றைக் குச்சியைப் பற்றிப் பேசும்போது ஒரு பையன் கேட்டான்: “வரிசைய வளைச்சு, கடைசிச் சதுரத்தக் கொண்டுபோயி முதல் சதுரத்தோட முட்ட வெச்சா அந்த ஒண்ணு வேண்டாமுங்களே சார்?” தரையில் வைத்துப் பார்த்தால் நடக்காது. வளைத்தால் வெளிப்பக்கம் விரியும், உள்பக்கம் நெருங்கும், சதுரம் சதுரமாக இருக்காது. களிமண்ணை உருண்டை பிடித்து மூலைகளில் வைத்து, சதுரங்களை நிமிர்த்தி நிற்கவைக்கச் சொன்னேன். நான்கு சதுரம் சுற்றி நின்று மூடியபோது கனசதுரம் ஆனது; பன்னிரண்டு குச்சி. ஐந்து சதுரத்துக்குப் பதினைந்து. மேல் சுற்றில் n, கீழ்ச் சுற்றில் n, நிற்பவை n. ஆகவே 3n, இடதுகோடி என்று ஒன்று இல்லாததால் அந்த 1 போய்விட்டது. மூன்று சதுரத்துக்கு ஒன்பது குச்சி சரியாக வந்தது. இரண்டு சதுரத்துக்கு ஆறு என்று சூத்திரம் சொல்கிறது, குச்சி அப்படி நிற்க மறுக்கிறது. இந்தத் தொடர்வரிசையில் n எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். மூன்றிலிருந்து என்று அவனே நோட்டில் சூத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.